61 எப்படி 611 ஆனது: ஸ்கேன் அட்டவணையின் குறிகளை எங்கே வைப்பது?

"மார்ச் மாதத்தில் சங்கரா மீன் மட்டும் 611 டன்னா? அண்ணா, அந்த வருடம் காசிமேட்டில் ஐஸ் கட்டியே போதாமல் போயிருக்கும்" என்றாள் அந்த மாணவி. மீன்வளம் படிப்பவள். அப்பாவுக்கு விசைப்படகு இருக்கிறது. நாங்கள் தட்டச்சு செய்து கொடுத்த ஷீட்டைத் திறந்த இரண்டாவது நிமிடத்தில் இதைக் கண்டுபிடித்துவிட்டாள். பழைய வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை ஒன்றின் மாடியில் மூன்று பேரை வைத்துக்கொண்டு இந்தத் தொழிலைச் செய்கிற எனக்கு அது கண்ணில் படவில்லை.

ஸ்கேனை எடுத்துப் பார்த்தோம். அச்சில் இருந்தது 61. அதன் தோளில் பொடி எழுத்தில் ஒரு 1. பக்கத்தின் அடியில் "1. சில நாட்களின் பதிவேடு கிடைக்காததால் மதிப்பீடு" என்ற குறிப்பு. எழுத்துணரி மென்பொருளுக்குத் தோளும் தெரியாது, தரையும் தெரியாது. இரண்டையும் ஒரே மட்டத்தில் உட்கார வைத்து 611 என்று எழுதிவிட்டது.

அவள் கொடுத்திருந்தது மாதவாரி மீன் வரத்து அட்டவணைகள், முப்பத்தெட்டுப் பக்கம், எல்லாம் ஜெராக்ஸ் பிரதியின் ஸ்கேன். ஒவ்வொரு பக்கத்திலும் மீன் வகைகள் வரிவரியாக இருக்கும். ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு பக்கம், ஜூலை முதல் டிசம்பர் வரை அடுத்த பக்கம், கடைசி நெடுவரிசையில் அரையாண்டு மொத்தம். நட்சத்திரம், பொடி எண், சிலுவை போன்ற †, இவை ஆங்காங்கே. இந்தக் குறிகளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதில்தான் எங்களுக்குள் ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது.

குறிகளைத் தூக்கிவிட்டு எண்ணை மட்டும் கொடுத்தால் என்ன என்று எங்கள் கடைத் தம்பி கேட்டான். பல வாடிக்கையாளர்களும் இப்படித்தான் கேட்கிறார்கள். அவனுக்கு 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் காட்டினேன். இந்தியாவின் மக்கள்தொகை ஒரு அட்டவணையில் 102,86,10,328 என்று இருக்கும். இன்னொன்றில் 102,87,37,436 என்று இருக்கும். அச்சுப் பிழை எதிலும் இல்லை. மணிப்பூரின் சேனாபதி மாவட்டத்தில் மாவோ மரம், பாவ்மாட்டா, புருல் என்ற மூன்று உட்கோட்டங்களின் முடிவுகள் ரத்து செய்யப்பட்டன. முதல் எண் அவற்றை விட்டுவிட்டது, இரண்டாவது எண் அவற்றின் மதிப்பீட்டைச் சேர்த்துக்கொண்டது. இடைவெளி 1,27,108. மணிப்பூரின் இரண்டு எண்களுக்கும் (21,66,788, 22,93,896) இடையிலும் அச்சாக அதே 1,27,108தான். எது எந்த எண் என்று சொல்வது பக்கத்தின் அடியில் இருக்கும் குறிப்பு மட்டும். அதைத் தூக்கிவிட்டால் இரண்டு எண்களும் ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன என்று தோன்றும். தம்பி அதோடு விட்டுவிட்டான்.

ஆக, குறி இருக்க வேண்டும். எங்கே என்பதற்கு எங்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன.

முதல் வழி, அச்சில் உள்ளபடியே எண்ணோடு ஒட்டி வைப்பது: 30* என்றே கட்டத்தில் எழுதுவது. பார்வைக்கு மூலத்தைப் போலவே இருக்கும், சரிபார்க்கவும் சுலபம். ஆனால் எக்செலுக்கு 30* என்பது எண் கிடையாது, வெறும் எழுத்து. SUM போட்டால் அந்தக் கட்டத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். பிழை என்று எதுவும் காட்டாது. கட்டத்தில் எண் வலப்பக்கம் ஒட்டாமல் இடப்பக்கம் ஒட்டி நிற்பது ஒன்றுதான் அடையாளம். பொடி எண்ணை மேலேற்றி எழுதி வைத்தாலும் கதை அதுதான். அது வெறும் அலங்காரம். கோப்பை CSV ஆகச் சேமித்தால் அலங்காரம் உதிர்ந்து, 61-இன் தோளில் இருந்த 1 கீழே இறங்கி 611 ஆகிவிடும். மறுபடி திறக்கும்போது அது நல்ல பிள்ளையாக வலப்பக்கம் ஒட்டிய எண்ணாகவே நிற்கும். நட்சத்திரமாவது எண்ணைக் கெடுத்துக் காட்டிக்கொடுக்கிறது. பொடி எண் எண்ணோடு எண்ணாகக் கலந்து மறைந்துவிடுகிறது. மேலேறிய 1-க்கென்றே தனி எழுத்து (¹) இருக்கிறதே, அதைப் போடலாமே என்று கேட்கலாம். அது CSV-யில் தப்பும். ஆனால் எழுத்துகளைச் சீர்செய்யும் நிரல்களில் NFKC என்றொரு முறை உண்டு. அதில் நுழைந்த 61¹, வெளியே வரும்போது 611.

இரண்டாவது வழி, எக்செல் கட்டத்தின் மூலையில் சிறு குறிப்புரை ஒட்டுவது. மேலே சுட்டியைக் கொண்டுபோனால் குறிப்பு விரியும். அழகாக இருக்கிறது. CSV-யில் ஒன்றுகூட மிஞ்சாது. மாணவி தன் தரவை வேறொரு நிரலில்தான் ஏற்றப் போகிறாள். ஆகவே இதை ஐந்து நிமிடத்தில் கைவிட்டோம்.

மூன்றாவது வழியை எங்கள் கடையில் அக்கா ஒருவர் விடாப்பிடியாக ஆதரித்தார். ஒவ்வொரு எண் நெடுவரிசைக்கும் பக்கத்தில் ஒரு ஒல்லியான குறி நெடுவரிசை. மார்ச், மார்ச்-குறி, ஏப்ரல், ஏப்ரல்-குறி என்று. இதில் நியாயம் இருக்கிறது. எந்தக் கட்டத்துக்கு எந்தக் குறி என்பதில் சந்தேகமே வராது. "நட்சத்திரம் போட்ட ஏப்ரல்களை மட்டும் எடு" என்று ஒரே சொடுக்கில் வடிகட்டலாம். ஐரோப்பியப் புள்ளியியல் அலுவலகம் வெளியிடும் கோப்புகளில்கூட எண்ணுக்குப் பக்கத்தில் இடம் விட்டு p (தற்காலிகம்), e (மதிப்பீடு), b (தொடர்ச்சி முறிவு) என்று ஓரெழுத்துக் கொடிகள் நிற்கும். கொடி எண்ணோடு பயணிக்க வேண்டும் என்ற எண்ணம்தான் அங்கேயும்.

எங்களுக்கு இடித்தது அகலம். ஏழு எண் நெடுவரிசைகள் பதினான்காகின்றன, புதிய குறிக் கட்டங்களில் பத்தில் ஒன்பது காலி. தட்டச்சு செய்பவர் ஒவ்வொரு எண்ணுக்குப் பிறகும் இரண்டு முறை டேப் தட்ட வேண்டும். ஒரு முறை மறந்தால் அந்த வரியின் மிச்சம் முழுவதும் ஒரு கட்டம் நகர்ந்துவிடும். அக்கா தானே சோதனைக்குச் செய்த பக்கத்தில் வஞ்சிரத்தின் மே மாத எண் குறிக் கட்டத்தில் போய் உட்கார்ந்திருந்தது. அவர் சிரித்துவிட்டு, "சரி, உங்கள் வழியைப் பார்ப்போம்" என்றார்.

எங்கள் வழி என்றது நான்காவதை. வரியின் கடைசியில் ஒரே ஒரு குறிப்பு நெடுவரிசை. எண் கட்டங்களில் எண் மட்டும். இதன் பெரிய ஓட்டை எல்லோருக்கும் தெரியும்: கடைசியில் வெறுமனே "*" என்று போட்டால் அது ஏப்ரலுக்கா மே மாதத்துக்கா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் குறியோடு முகவரியையும் எழுத வேண்டும். பக்க எண், மாதம், குறி. சங்கரா வரி இப்படி ஆனது (எண்களை இந்தக் கட்டுரைக்காக மாற்றியிருக்கிறேன்):

```
மீன்,ஜன,பிப்,மார்,ஏப்,மே,ஜூன்,மொத்தம்,குறிப்பு
சங்கரா,52,47,61,30,6,44,240,ப14: மார்=1; ஏப்=*; மே=*
```

குறியின் பொருளை இங்கே எழுதவில்லை. அது "குறிவிளக்கம்" என்ற இரண்டாவது ஷீட்டில், பக்க எண், குறி, அச்சில் உள்ள வாசகம் என்று மூன்று நெடுவரிசைகளில் ஒரு முறை மட்டும் இருக்கிறது. வாசகத்தையே ஒவ்வொரு வரியிலும் திரும்பத் திரும்ப எழுதியவர்களும் உண்டு. நாற்பது முறை தட்டச்சு செய்தால் நாற்பதும் ஒரே மாதிரி இருக்காது என்பது என் அனுபவம்.

பக்க எண் ஏன் என்று மாணவி கேட்டாள். 14-ஆம் பக்கத்தில் * என்றால் "மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகளின் வரத்து இல்லை". அடுத்த பக்கத்திலேயே * என்றால் "தற்காலிகக் கணக்கு". அச்சடித்தவர்கள் ஒவ்வொரு பக்கத்திலும் புதிதாக நட்சத்திரத்திலிருந்து தொடங்குகிறார்கள். * முடிந்தால் †, அதற்குப் பிறகு ‡, பிறகு § என்பது பழைய அச்சக வழக்கு. முப்பத்தெட்டுப் பக்கங்களையும் ஒரே ஷீட்டாகச் சேர்க்கும்போது பக்க எண் இல்லாவிட்டால், தடைக்காலமும் தற்காலிகக் கணக்கும் ஒரே நட்சத்திரத்தின் கீழ் ஒண்டிக் குடித்தனம் நடத்தும்.

தடைக்கால நட்சத்திரத்தில் இன்னொரு வம்பும் வந்தது. ஏப்ரல், மே என்றால் நட்சத்திரம்தானே என்று தம்பி எல்லாப் பக்கங்களிலும் அந்த இரண்டு மாதங்களுக்கும் குறிப்பை இழுத்து நிரப்பிவிட்டான். தமிழ்நாட்டில் இந்தத் தடை 2001-இல்தான் வந்தது. கிழக்குக் கடற்கரையில் முதலில் ஏப்ரல் 15 முதல் 45 நாட்கள், அதாவது மே 29 வரை. 2017 முதல் 61 நாட்கள், ஜூன் 14 வரை. ஆகவே பழைய பக்கங்களில் நட்சத்திரமே கிடையாது, நடுப்பக்கங்களில் ஏப்ரலும் மேயும், கடைசிப் பக்கங்களில் ஜூனுக்கும் சேர்த்து. மாணவி வீட்டுத் திண்ணையிலேயே இந்தக் கணக்கு தெரிந்தவள் என்பதால் பிடித்தாள். வேறு யாராக இருந்தாலும் அச்சில் இல்லாத நட்சத்திரங்களோடு ஷீட் போயிருக்கும். அன்றிலிருந்து குறிப்பு நெடுவரிசையில் இழுத்து நிரப்புவது எங்கள் கடையில் தடை.

மே மாதத்தின் 6 என்ற எண்ணையும் பாருங்கள். தடை விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப் படகுகள் கடலுக்குப் போகும், மீன் வரும். நட்சத்திரம் இல்லாமல் அந்த 6-ஐப் பார்ப்பவர், மே மாதத்தில் சங்கரா அற்றுப்போய்விட்டது என்று எழுதிவிடுவார்.

எங்கே வைப்பது என்பது இப்படித் தீர்ந்தது. எப்போது பிரிப்பது என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். முழுவதையும் எழுத்துணரியில் ஓட்டிவிட்டு, கடைசியில் சூத்திரம் போட்டுக் குறிகளை ஒரேயடியாகப் பிரித்துவிடலாம் என்பது தம்பியின் கட்சி. நட்சத்திரத்துக்கு அது செல்லும். இரண்டு சூத்திரம் போதும். முதலாவது நட்சத்திரம் உள்ள கட்டங்களை எண்ணும், இரண்டாவது நட்சத்திரத்தை நீக்கி எண்ணை எடுக்கும்:

```
=COUNTIF(B2:H40,"*~**")
=VALUE(SUBSTITUTE(E2,"*",""))
```

முதல் சூத்திரத்தில் இருக்கும் ~ என்ற அலைக்குறியைக் கவனியுங்கள். எக்செலின் தேடலில் தனி நட்சத்திரம் என்றால் "எது வேண்டுமானாலும்" என்று பொருள். தம்பி ஒரு நாள் தேடி மாற்றும் பெட்டியில் * என்று மட்டும் போட்டு, மாற்றாக ஒன்றும் எழுதாமல், எல்லாவற்றையும் மாற்று என்று அழுத்தினான். ஷீட் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. அங்கே ~* என்றுதான் தட்ட வேண்டும். அவன் முகம் போன போக்கைப் பார்த்து நான் திட்டவில்லை. முந்தைய நாள் நகல் இருந்தது.

பொடி எண்ணுக்குச் சூத்திரம் உதவாது. 611 என்ற எண்ணில் கடைசி 1 குறியா, எண்ணின் பகுதியா என்று எந்தச் சூத்திரத்துக்கும் தெரியாது. † கூடப் பல நேரம் 1 ஆகவோ t ஆகவோ + ஆகவோதான் வெளியே வருகிறது. t ஆனால் பரவாயில்லை, தெரிந்துவிடும். 1 ஆனால் போச்சு. ஆகவே பொடிக் குறிகளை ஸ்கேன் படத்தைப் பார்த்து, கண்ணால்தான் பிரிக்க வேண்டும், அதுவும் எண்ணைச் சரிபார்க்கும் அதே சுற்றில். எண்ணுக்கு ஒரு சுற்று, குறிக்கு ஒரு சுற்று என்று வைத்தால், முதல் சுற்றிலேயே 611-ஐ யாராவது "சரி" என்று டிக் போட்டுவிடுவார்கள்.

கண் தவறவிட்டதைப் பிடிக்க மொத்தம் இருக்கிறது. இங்கே ஒரு சின்னக் கணக்கு வித்தை சொல்கிறேன். கணக்கெழுதும் பெரியவர்களுக்கு ஒன்று தெரியும்: இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் (47 என்பது 74 ஆனால்) வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபடும். எண்ணின் வாலில் குறி ஒட்டிக்கொண்டாலும் இதே 9 உதவுகிறது. 61-க்குப் பின்னால் 1 ஒட்டினால் அது 61-இன் பத்து மடங்கும் ஒன்றும். ஆக, கூடுதலாக வந்தது 61-இன் ஒன்பது மடங்கும் ஒன்றும். வரியைக் கூட்டினால் 790 வருகிறது, அச்சில் மொத்தம் 240. வித்தியாசம் 550. அதை 9-ஆல் வகுத்தால் ஈவு 61, மீதி 1. ஈவுதான் உண்மையான எண், மீதிதான் ஒட்டிக்கொண்ட குறி. ஸ்கேனைத் திறப்பதற்கு முன்பே எந்தக் கட்டம் என்று தெரிந்துவிடுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. நட்சத்திரங்களை முதலில் நீக்கியிருக்க வேண்டும். நீக்காவிட்டால் 30*, 6* இரண்டையும் SUM தாண்டிவிடும், கூட்டல் 754 ஆகும், வித்தியாசம் 514. 9-ஆல் வகுத்தால் ஈவு 57, மீதி 1. மீதி ஒன்று என்றதும் வித்தை பலித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு, அந்த வரியில் 571-ஐத் தேடினால் 571 எங்கேயும் இல்லை. விடுபட்ட 36 தற்செயலாக 9-இன் மடங்காகப் போனதால் வந்த ஏமாற்று. ஈவின் வாலில் மீதியை ஒட்டினால் வருகிற எண் அந்த வரியில் இல்லாவிட்டால் வித்தையை நம்பக் கூடாது. ஒரே வரியில் இரண்டு குறிகள் ஒட்டியிருந்தாலும் இது குழம்பும். அப்போது நெடுவரிசையைக் கூட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

மொத்தம் பிடிக்காத பிழையும் உண்டு. எழுத்துணரி நட்சத்திரத்தை விழுங்கிவிட்டால் எண் சரியாகவே இருக்கும், கூட்டலும் சரியாக வரும், குறி மட்டும் காணாமல் போயிருக்கும். மங்கலான ஜெராக்ஸில் இது அடிக்கடி நடக்கிறது. சில நேரம் நட்சத்திரம் மேற்கோள் குறியாகச் சுருங்கி நிற்கும். இதற்கு எண்ணிப் பார்ப்பதைத் தவிர வழி தெரியவில்லை. ஒருவர் ஸ்கேனில் பென்சிலால் வட்டமிட்டபடி ஒவ்வொரு குறியும் எத்தனை என்று பக்க ஓரத்தில் எழுதுவார். இன்னொருவர் குறிப்பு நெடுவரிசையில் அந்தப் பக்கத்துக்கு எத்தனை இருக்கிறது என்று எண்ணுவார். அட்டவணையில் உள்ள குறிக்கு அடியில் வாசகம் இருக்க வேண்டும், அடியில் உள்ள வாசகத்துக்கு அட்டவணையில் குறி இருக்க வேண்டும். ஜோடி சேராத ஒன்று கிடைத்தால், பெரும்பாலும் விழுங்கப்பட்ட நட்சத்திரம் அங்கேதான் இருக்கும்.

மாதத்தின் பெயரிலோ மீனின் பெயரிலோ குறி தொங்கினால் அது ஒரு கட்டத்துக்கானது இல்லை. மக்கள்தொகை அட்டவணைகளில் "சென்னை" என்ற பெயர் மேலேயே குறி வருமே, அதைப் போல. 2011 அக்டோபரில் மாநகராட்சி எல்லை விரிந்து திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் எல்லாம் உள்ளே வந்தன. அந்தக் குறி சொல்வது எந்த எல்லைக்குட்பட்ட சென்னை என்பதை, ஆகவே அது வரி முழுவதற்கும் பொருந்தும். வரிப் பெயரில் இருந்தால் குறிப்பில் "வரி=1" என்று எழுதினோம். நெடுவரிசைத் தலைப்பில் இருந்தால் எந்த வரியிலும் எழுதாமல் குறிவிளக்க ஷீட்டில் "தலைப்பு: ஜூன்" என்று பதிந்தோம்.

அக்காவின் ஜோடி நெடுவரிசைகளை நான் அடியோடு ஒதுக்கவில்லை. எண் நெடுவரிசைகள் இரண்டோ மூன்றோதான் என்றால், அல்லது பாதிக்கு மேற்பட்ட எண்களில் (P), (R) போன்ற தற்காலிக, திருத்திய அடையாளங்கள் இருந்தால் அவர் வழிதான் சரி. குறிப்பு நெடுவரிசையில் வரிக்கு ஆறேழு முகவரிகள் நீண்டால் யாரும் படிக்கமாட்டார்கள். எங்கள் முப்பத்தெட்டுப் பக்கங்களில் வரிக்கு மூன்றுக்கு மேல் வந்ததில்லை. அரைப்புள்ளியை வைத்து முகவரிகளை வெட்டி, பின்னால் வேண்டுமானால் ஜோடி நெடுவரிசைகளாக ஒரு நிரல் மாற்றிக்கொள்ளும். அப்படி வெட்ட வேண்டுமென்றால் எழுதும் முறை எல்லா வரியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் வாரத்தில் ஒருவர் "மார்", இன்னொருவர் "மார்ச்" என்று எழுதியதைத் திருத்தவே அரை நாள் போனது.

ஷீட்டை மறுபடி கொடுத்தபோது ஒன்று மட்டும் பாக்கி. 22-ஆம் பக்கத்தில் கானாங்கெளுத்தியின் ஜனவரி எண்ணில் † இருக்கிறது. பக்கத்தின் அடியில் அதற்கு வாசகம் இல்லை. ஜெராக்ஸ் எடுத்தவர் கீழ் ஓரத்தை வெட்டிவிட்டிருக்கிறார். குறியை விடாமல் பதிந்து, குறிவிளக்கத்தில் "ப22, †, வாசகம் ஸ்கேனில் இல்லை" என்று எழுதினோம். மாணவி அதை மஞ்சளாக்கிவிட்டு, அசல் புத்தகம் இருக்கும் நூலகத்துக்குத் திங்கட்கிழமை போவதாகச் சொன்னாள்.